போட்ட சாலை மெலிந்திருந்தால் யாரைக் கேட்பது? ஊராட்சியின் நான்கு வகைப் பொறுப்புடைமை, ஓர் ஒப்பீடு

தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கிராம சபையில் எழுந்து கேட்பதா, பி.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுப்பதா, உயர் நீதிமன்றத்துக்குப் போவதா, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பலரும் ஏதோ ஒரு வழியைப் பாதி வரை முயன்று, சலித்துப்போய், அடுத்ததற்குத் தாவியவர்கள். கிராம சபையில் கேட்க வேண்டியதை நீதிமன்றத்தில் கேட்டிருப்பார்கள். ஆட்சியரிடம் கேட்க வேண்டியதைத் தேர்தல் மேடையில் கேட்டிருப்பார்கள்.

அரசியல், நிர்வாகம், சட்டம், சமூகம் என்று பொறுப்புடைமையை நான்காகப் பிரிப்பது வெறும் பாடப்புத்தகப் பிரிவினை இல்லை. ஒவ்வொன்றிலும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு, கேட்கும் உரிமை உள்ளவர் வேறு, கேட்டால் கையில் கிடைப்பதும் வேறு. தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சியை வைத்து இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். சட்டம் என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையே சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். முதலாவது, பதில் சொல்ல மறுத்தால் அவருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் அது பொறுப்புடைமையே இல்லை. இரண்டாவது, எவ்வளவு சீக்கிரம் நடக்கும்? மூன்றாவது, கடைசியில் என்ன கிடைக்கும்? பதவி பறிபோவது, பணம் திரும்புவது, வேலை சரியாக முடிவது, உண்மை வெளியே வருவது ஆகியவை நான்கும் வெவ்வேறு. சாலை சரியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குத் தலைவர் பதவி இழந்தார் என்ற செய்தியால் பயன் இல்லை. நான்காவது, கேட்கிறவருக்கு என்ன செலவு? இதில் பணம் சின்னப் பங்குதான். ஊரில் தொடர்ந்து வாழ வேண்டியவர் கொடுக்கும் விலை பெரிது.

## ஒப்பீட்டுக்கு ஒரு சாலை

ஓர் ஊராட்சியில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்ட் சாலை போட மதிப்பீடு தயாரானது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். வழக்கமான 1:1½:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆக, சுமார் 360 மூட்டை. சாலையை 10 சென்டிமீட்டரில் முடித்துவிட்டால் 30 கன மீட்டர், 240 மூட்டை. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாலைதான். மூன்றில் ஒரு பங்கு பொருள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் 15 சென்டிமீட்டரே காட்டும். பக்கவாட்டில் பலகை கட்டி ஓரத்தை முழுக் கனத்துக்கு நிரப்பிவிட்டு, நடுவில் மண்ணை மேடாக விட்டுவிடுவது பழைய வித்தை. அதனால் உண்மையான அளவு நடுவில் துளையிட்டு எடுக்கும் கோர் கட்டிங்கில்தான் தெரியும். எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் 0.15 என்று எழுதியிருப்பார். நம் ஒப்பீடு முழுவதும் இந்த 0.15ஐச் சுற்றித்தான்: அந்த எண்ணை யார் கேள்வி கேட்க முடியும், கேட்டால் என்ன நடக்கும்?

## அரசியல் பொறுப்புடைமை: வாக்காளருக்கும் மன்றத்துக்கும்

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டு உறுப்பினரையும் அப்படியே. துணைத்தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விளைவு உண்டு. துணைத்தலைவர் மீது உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம்; மக்கள் நேரடியாகத் தேர்ந்த தலைவரை அப்படி இறக்க முடியாது. வாக்காளர்கள் நடுவிலே திரும்ப அழைக்கவும் வழியில்லை. தலைவரைப் பொறுத்தவரை அரசியல் தண்டனை என்பது ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் தேர்தல் மட்டுமே.

அந்தத் தண்டனையும் முழுதாக வேலை செய்வதில்லை. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. தலைவர் சரியில்லை என்றால் அவருடைய கட்சியைத் தண்டிக்கலாம் என்ற வழி சட்டமன்றத் தேர்தலில் இருக்கிறது, இங்கே இல்லை. இட ஒதுக்கீடு சுழற்சியில் மாறும்போது, பதவியில் இருப்பவர் அடுத்த முறை நிற்கவே முடியாமல் போகலாம். நிற்க முடியாதவருக்கு ஓட்டால் எதைச் சொல்வது? (சுழற்சியே தப்பு என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பல ஊர்களில் பட்டியல் சாதியினரும் பெண்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க மாட்டார்கள்.) பெண் தலைவராக இருக்கும் சில ஊர்களில் கணவர் முடிவெடுப்பார். ஓட்டுக் கேட்டவர் ஒருவர், வேலையை நடத்துகிறவர் இன்னொருவர் என்றால் யாரைத் தோற்கடிப்பது என்ற குழப்பம் சேர்ந்துகொள்ளும்.

தேர்தலுக்கு நடுவில் அரசியல் பொறுப்புடைமை உயிரோடு இருப்பது ஒரு சின்ன இடத்தில். 188ஆம் பிரிவின்படி ஊராட்சி நிதிக்கான காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நம் சாலைக்குத் துணைத்தலைவர், "நடுவில் கோர் எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்று நின்றால் பணம் அங்கேயே நிற்கும். வார்டு உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் மறுப்புத் தெரிவித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தால், பின்னால் யார் விசாரித்தாலும் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆனால் இதே கையெழுத்து பேரம் பேசவும் பயன்படும். துணைத்தலைவர் பங்கு கேட்டுக் கையெழுத்தை நிறுத்தி வைப்பதும், அதனால் தூய்மைப் பணியாளர் சம்பளம் தேங்குவதும் நடக்கிற விஷயம்தான். நியாயமாக நிறுத்துகிறாரா, பேரத்துக்காக நிறுத்துகிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நியாயமானவர் காரணத்தை எழுத்தில் கொடுப்பார், அந்த ஒரு வேலைக்கான காசோலையை மட்டும் நிறுத்துவார். மற்றவர் வாயால் சொல்வார், எல்லாக் காசோலையையும் நிறுத்துவார்.

இந்த வழி சிறப்பாக வேலை செய்வது முன்னுரிமை பற்றிய சண்டைகளில். எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு, எந்தப் பகுதிக்குத் தண்ணீர்த் தொட்டி என்பதில் சட்டமீறல் இருக்காது, விதிமீறலும் இருக்காது. காலனியை விட்டுவிட்டு மற்ற தெருக்களுக்கே வேலை போகிறது என்றால் எந்த அதிகாரியும் அதைக் குற்றமாக எழுத மாட்டார். அதை மன்றத்திலும் வாக்குச்சாவடியிலும்தான் தீர்க்க வேண்டும்.

## நிர்வாகப் பொறுப்புடைமை: மேலதிகாரிக்கும் தணிக்கைக்கும்

பணத்துக்கு மிக அருகில் இருக்கும் வழி இது. சாலையை அளந்து எம்-புக்கில் எழுதுவது ஒன்றியப் பொறியியல் பிரிவு. அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), மாவட்டத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), எல்லோருக்கும் மேலே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் மாவட்ட ஆட்சியர். தணிக்கைக்குத் தனிக் கிளை இருக்கிறது. தணிக்கையில் நட்டம் உறுதியானால் பொறுப்பானவரிடமிருந்தே அதை வசூலிக்க விதி உண்டு. பொறியாளர் தப்பாக எழுதியிருந்தால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி)யில் குற்றக் குறிப்பாணை வரும். ஊதிய உயர்வும் பதவி உயர்வும் அதில் தொங்கும். அரசு ஊழியருக்கு இதைவிடக் கூர்மையான பயம் குறைவு.

தலைவரைப் பொறுத்தவரை ஆட்சியரின் கையில் இரண்டு கருவிகள். ஒன்று உடனடியானது: 203ஆம் பிரிவின் அவசர அதிகாரத்தைச் சொல்லி, காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பது. விளக்கம் கேட்காமல், அவசரம் என்ன என்று காட்டாமல் அப்படிப் பறித்த ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. அதனால் புகார் கொடுப்பவர் "கையெழுத்து அதிகாரத்தைப் பறியுங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பணம் எந்த நாளில் போய்விடும் என்ற அவசரத்தையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது 205ஆம் பிரிவு, பதவி நீக்கம். ஆட்சியர் குற்றச்சாட்டுகளை எழுதித் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தி தரவில்லை என்றால் வட்டாட்சியர் மூலம் ஊராட்சி மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்யச் சொல்வார். வட்டாட்சியர் அங்கே எந்தப் பக்கமும் பேசக் கூடாது. அந்தக் கருத்துகளைப் பரிசீலித்து ஆட்சியர் முடிவெடுப்பார். சட்டத்தை வேண்டுமென்றே மீறியது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது போன்றவைதான் காரணங்கள். திறமையில்லை என்பதற்கெல்லாம் இது வராது.

இனி மறைமுகச் செலவு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனு உதவி இயக்குநருக்குப் போகும், அங்கிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து ஊராட்சிச் செயலருக்கு. யார் மீது புகாரோ அவர் மேசையிலேயே பதில் தயாராகும். "சாலை மதிப்பீட்டின்படி போடப்பட்டுள்ளது, மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று வரும் பதிலில் அளந்த தேதியும் அளந்தவர் பெயரும் அளவும் இல்லையென்றால், யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தடுக்க மனுவிலேயே வேலையின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுக் கனம், எந்த இடத்தில் கோர் எடுக்க வேண்டும் என்பதை எழுதி, இந்த ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பொறியாளரைக் கொண்டு அளக்கக் கேட்க வேண்டும். பொதுவாக "ஊழல் நடக்கிறது" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

இன்னொரு செலவு ஆழமானது. நிர்வாகம் விதியைத்தான் பார்க்கும், பலனைப் பார்க்காது. திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கம் இதற்கு நல்ல சாட்சி. 1996இல் அங்கே தலைவரான ரங்கசாமி இளங்கோ, கழிவுநீர் வாய்க்கால் கட்டும்போது மதிப்பீட்டில் இருந்தபடி செய்யாமல், அருகில் கிடைத்த கழிவுக் கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். அங்கீகரித்த திட்டத்திலிருந்து விலகினார் என்று நடவடிக்கை வந்தது, இடைநீக்கம் ஆனார். ஊர் மக்கள் கிராம சபையில் திரண்டு அவர் பக்கம் நின்றார்கள். இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது, 2001இல் மறுபடியும் வென்றார். அதிகாரியின் கணக்கில் அது விதிமீறல், ஊரின் கணக்கில் சேமிப்பு. இரண்டு பொறுப்புடைமைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. விதியின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டிலிருந்து விலகும் எல்லோரும் மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்குத் திருப்பித் தருவதில்லை.

## சட்டப் பொறுப்புடைமை: நீதிமன்றத்துக்கும் புலனாய்வுக்கும்

இதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

முதல் வாசல் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. ஊராட்சியோ அதிகாரியோ சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்யாமல் இருந்தால் இதைவிட வலுவான கருவி இல்லை. ஊராட்சி வாய்க்காலை ஒருவர் அடைத்துக் கட்டடம் எழுப்பியிருக்கிறார், வருவாய் ஆவணத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது, அகற்றக் கேட்டுக் கொடுத்த மனு தூங்குகிறது என்றால் நீதிமன்றம் காலக்கெடு வைத்து ஆணையிடும். சர்வே எண்ணும் ஆவணமும் பேசும்போது அங்கே வாதாட அதிகம் இருக்காது.

அதே ரிட் மனுவை நம் சாலைக்குப் போட்டால் நிலைமை வேறு. சாலை 15 சென்டிமீட்டரா 10 சென்டிமீட்டரா என்பது உண்மை பற்றிய சண்டை. ரிட் நீதிமன்றம் பொதுவாக அப்படிப்பட்ட அளவுச் சண்டைக்குள் இறங்காது. "மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும்" என்ற உத்தரவே பெரும்பாலும் கிடைக்கும். வழக்கறிஞர் கட்டணம், மதுரைக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவு எல்லாம் கொடுத்து, புறப்பட்ட இடமான நிர்வாகத்திடமே திரும்ப வந்து சேர்வோம். அதிகாரியிடம் முதலில் மனுவே கொடுக்காமல் போனால் அந்த உத்தரவுகூடக் கிடைக்காமல் போகலாம். உத்தரவு வந்த பிறகும் அதிகாரி அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும். அதற்கு ஓராண்டுதான் காலவரம்பு. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று அந்த ஓராண்டைக் கடத்திவிட்டால், வாங்கிய உத்தரவின் பல் போய்விடும்.

இரண்டாவது வாசல் ஊழல் தடுப்புச் சட்டம், 1988. ஊராட்சித் தலைவரும் இதில் பொது ஊழியர்தான். வீட்டுவரி ரசீதுக்கோ கட்டட அனுமதிக்கோ ஒருவர் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்திடம் போவது நான்கு வழிகளிலும் வேகமானது. ரசாயனப் பொடி தடவிய நோட்டு, சாட்சிகள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று சில நாட்களில் முடியும் வேலை. சாலைக் கனம் போன்ற புகாரில் அந்த வேகம் வராது. அதிகாரி எடுத்த முடிவுகளை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்று 2018 திருத்தம் சேர்த்தது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்குத்தான் அதில் விலக்கு. குற்றம் நிரூபணமானால் சிறை உண்டு, ஆனால் அந்தத் தீர்ப்பால் சாலை திருத்தப்படாது.

மூன்றாவது வாசல் நிரந்தர மக்கள் நீதிமன்றம். குடிநீர் வழங்கல், துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வரும் குறைகளை இங்கே கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். இதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தலாம்.

## சமூகப் பொறுப்புடைமை: ஊருக்கு நேரடியாக

இங்கே கேட்பவருக்கு எந்தப் பதவியும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30இல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பும் உண்டு: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்ணிக்கையில்தான் முதல் ஓட்டை. கூட்டத்துக்கு 40 பேர் வந்திருக்க, மறுநாள் வீடு வீடாக வருகைப் பதிவேடு போய்க் கையெழுத்து வாங்கும். கூட்டம் முடிந்தவுடனே, பதிவேட்டின் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடிழுத்து எண்ணிக்கையை எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வது எளிய தடுப்பு. அதேபோல் தீர்மானத்தின் சொற்களை அங்கேயே வாசிக்கச் சொல்ல வேண்டும். "சாலை குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற தீர்மானம் யாரையும் கட்டாது. "இன்ன வேலையின் கனத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் நடுவில் துளையிட்டு அளக்க வேண்டும், அளக்கும் வரை ஒப்பந்ததாரர் தரும் இறுதி பில் பட்டியலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது" என்ற தீர்மானத்தை மேலே யாராலும் எளிதில் ஒதுக்க முடியாது.

சமூகப் பொறுப்புடைமையின் உண்மையான பலம் தகவலில் இருக்கிறது. ராஜஸ்தானின் கோட் கிரானாவில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு முதல் பொது விசாரணையை நடத்தியபோது, செய்த வேலை குறித்து ஊராட்சி ஆவணங்களில் எழுதியிருந்ததை அந்த வேலையைச் செய்ததாகச் சொல்லப்பட்ட மக்கள் முன்னாலேயே உரக்கப் படித்தார்கள். எழுதியிருப்பதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைக் காட்ட வேறு ஆதாரமே தேவைப்படவில்லை. அந்த இயக்கத்தின் தொடர்ச்சிதான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் தன் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியதும் அந்த வழியில்தான்.

நம் சாலைக்கு இதை அப்படியே செய்யலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு போட்டு மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பட்டியல் ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு நகலோடு நிற்கவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அந்த மாதிரியைத்தான் சாலையின் நடுவிலிருந்து கேட்க வேண்டும். பிறகு தெருவில் சாலை போட்ட நாட்களில் வீட்டில் இருந்தவர்களைக் கேளுங்கள். எத்தனை லோடு வந்தது, கலவை இயந்திரம் எத்தனை மணி ஓடியது, மூட்டை எங்கே இறக்கினார்கள் என்பது வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் தணிக்கையாளருக்கும் தெரியாது. 360க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் நினைவில் சுமாராகவாவது இருக்கும்.

ஆனால் கிராம சபை தானாக யாரிடமும் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது. யாரையும் நீக்கவும் முடியாது. சமூகத் தணிக்கை அறிக்கையும் வசூலுக்கு நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். கேட்கிறவர் கொடுக்கும் விலை நான்கு வழிகளிலும் இங்கேதான் அதிகம். மனுவில் பெயர் ஒரு கோப்புக்குள் இருக்கும். கிராம சபையில் முகம் ஊர் முழுக்கத் தெரியும். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் அதே தலைவர்தான். நிலத்தில் வேலை கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் சாதியில் மேலே இருப்பவரும் எதிரே உட்கார்ந்திருக்க, கூலி வேலைக்குப் போகிறவர் எழுந்து எம்-புக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. ஊர் ஒன்றாகச் சேர்வது எப்போதும் நியாயத்தின் பக்கம் சேர்வதாக இருக்காது. ஊரின் பெரும்பான்மையே தவறு செய்யும் இடத்தில் சமூகப் பொறுப்புடைமையை நம்பி யாரையும் தனியே நிறுத்தக் கூடாது. அங்கே வெளியே இருந்து வரும் சட்டமும் நிர்வாகமும்தான் முதல் வழி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பதில் சொல்லாவிட்டால் | வேகம் | கிடைப்பது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| அரசியல் | தேர்தல் தோல்வி. நடுவில் துணைத்தலைவர் கையெழுத்து மறுப்பு | 5 ஆண்டு. காசோலை என்றால் உடனே | பதவி மாற்றம், முன்னுரிமை மாற்றம் | கையெழுத்துப் பேரம், மற்ற வேலைகள் தேங்குதல் |
| நிர்வாக | கையெழுத்து அதிகாரம் பறிப்பு, 17(பி), 205ஆம் பிரிவு நீக்கம் | வாரங்கள் முதல் மாதங்கள் | பணம் நிறுத்தம், வசூல், வேலைத் திருத்தம் | புகாருக்குள்ளானவரே பதில் எழுதுதல் |
| சட்ட | நீதிமன்ற அவமதிப்பு, கைது, சிறை | லஞ்சம் என்றால் நாட்கள். மற்றவை ஆண்டுகள் | கட்டாய உத்தரவு, தண்டனை | கட்டணம், பயணம், திரும்ப நிர்வாகத்திடமே வருதல் |
| சமூக | ஊர் முன் அம்பலம் | அடுத்த கிராம சபை. தகவலுக்கு 30 நாள் | உண்மை, ஆதாரம், தீர்மானம் | பகை, வேலை இழப்பு, சாதி அழுத்தம் |

## எந்த நிலையில் எதை எடுப்பது

நம் சாலைக்கு என் தீர்ப்பு இது. சமூக வழியில் தொடங்கி நிர்வாக வழியில் முடிக்க வேண்டும். தகவல் மனுவும் கிராம சபைத் தீர்மானமும் ஆதாரத்தைத் தரும், ஆட்சியரின் அதிகாரம் அந்த ஆதாரத்தைப் பணமாகவோ திருத்திய சாலையாகவோ மாற்றும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நொண்டும். ஆதாரம் இல்லாத மனுவுக்கு "மதிப்பீட்டின்படி உள்ளது" என்று பதில் வரும். நிர்வாகத்துக்குப் போகாத தீர்மானம் தீர்மானப் புத்தகத்திலேயே கிடக்கும்.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். இறுதிப் பட்டியலுக்குப் பணம் போவதற்கு முன் கேட்டால், ஒப்பந்ததாரர் தன் பணத்தை வாங்க வேண்டும் என்பதற்காகவே சாலையைத் திருத்துவார். பணம் போன பிறகு கேட்டால் அது வசூல் வழக்காகிவிடும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் கிராம சபைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பட்டியல் அடுத்த வாரம் என்றால் வரிசையை மாற்றத் தயங்க வேண்டாம். முதலில் ஆட்சியருக்கும் உதவி இயக்குநருக்கும் அளவு கேட்டு மனு, ஒரு நகல் துணைத்தலைவருக்கு. கிராம சபை பிறகு வரட்டும்.

லஞ்சம் கேட்டால் நேரே ஊழல் தடுப்பு இயக்ககம்; கிராம சபையில் முன்கூட்டியே சொன்னால் கேட்டவர் உஷாராகிவிடுவார். ஆவணத்தில் தெளிவாக இருக்கும் ஆக்கிரமிப்புக்கு மனு கொடுத்து, அது தூங்கினால் ரிட். வேலை எந்தத் தெருவுக்கு என்ற சண்டைக்கு மன்றமும் ஓட்டும்.

## தேர்ந்தெடுக்கப்பட்டவரே இல்லாதபோது

இந்த ஒப்பீடு முழுவதும் மன்றம் ஒன்று இருக்கிறது என்று வைத்துச் சொன்னது. தமிழ்நாட்டில் அது இடைவிடாமல் இருந்ததில்லை. ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளைப் பெரும்பாலான மாவட்டங்களில் 2020 ஜனவரி வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அந்தக் காலத்தில் அரசியல் பொறுப்புடைமை என்ற கட்டமே அட்டவணையிலிருந்து விழுந்துவிடும். வார்டு உறுப்பினரின் மறுப்பும் துணைத்தலைவரின் இரண்டாவது கையெழுத்தும் இல்லை. வேலையைக் கண்காணிக்க வேண்டிய ஒன்றிய நிர்வாகமே ஊராட்சியையும் நடத்துவதால் நிர்வாகப் பொறுப்புடைமையும் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதாக ஆகிவிடும். அப்போது புகாரை ஒன்றியத்தில் கொடுப்பது வீண். உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் நேரே போக வேண்டும், தணிக்கைப் பிரிவுக்கு நகல் போட வேண்டும். தகவல் மனுவையும் வேலை முடிந்த பிறகு போடாமல், பணி ஆணை வெளிவந்த வாரத்திலேயே மதிப்பீட்டைக் கேட்டுப் போட வேண்டும். 30 நாளில் அது கைக்கு வரும்போது பெரும்பாலும் ஜல்லி கொட்டத் தொடங்கியிருப்பார்கள். மண்ணைச் சமன்படுத்திப் பலகை கட்டும் நாளில், அந்தத் தாளோடும் ஒரு டேப்போடும் நாலு பேர் தெருவில் நின்றால், நடுவில் மண் மேடு விடுவது கான்கிரீட் விழுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.